திரும்பி வரும் சட்டைகளும் நகராத ஒரு எண்ணும்

சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஆயத்த ஆடை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரிய குழுமத்தின் துணை நிறுவனம் என்பதால் அவர்கள் இண்ட் ஏ.எஸ். 115 தரநிலைப்படி கணக்கு வைக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லி விற்ற பொருளில், திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிற பகுதியை வருவாயாகக் காட்டக் கூடாது. அந்தப் பணம் கையில் இருந்தாலும் நம்முடையது இல்லை, வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டியது. அதைத்தான் ரீஃபண்ட் பொறுப்பு என்கிறார்கள். என் வேலை அந்தத் தொகையைக் கணித்துக் கொடுப்பது.

எழுதினேன், ஓடியது, மூன்று மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. செப்டம்பர் முடிந்ததும் அங்கே கணக்குப் பார்க்கும் அம்மா போன் பண்ணினார். "ஏனுங்க சார், பண்டிகை சேல்ல கடைசி வாரம் மட்டும் நாலு மடங்கு வித்திருக்கோம். உங்க ரிப்போர்ட்ல ரீஃபண்ட் பொறுப்பு மட்டும் ஆகஸ்ட்ல இருந்த அதே தொகையா நிக்குது, இது எப்படிங்க?"

எப்படி என்று எனக்கும் புரியவில்லை. கோடைத் திறந்து பார்த்தேன். கணக்கு இவ்வளவுதான்: இந்த மாதம் ரீஃபண்ட் ஆன சட்டைகளை இந்த மாதம் விற்ற சட்டைகளால் வகுத்தால் திரும்பும் விகிதம். அதை விற்பனையால் பெருக்கி, இந்த மாத விற்பனையில் ஏற்கனவே ரீஃபண்ட் ஆனதைக் கழித்தால் இன்னும் வர வேண்டியது. பார்க்க நியாயமாகத்தானே இருக்கிறது?

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெரியும். (உண்மையான எண்களை உருண்டையாக்கி, எளிமைப்படுத்தித் தருகிறேன்.) சாதாரணமாக வாரத்துக்கு 2,000 சட்டை, அதில் 20% கடைசியில் திரும்பி வரும். ஆனால் உடனே வராது. பார்சல் கைக்குக் கிடைத்து, போட்டுப் பார்த்து, யோசித்து, பிக்கப் ஆள் வந்து எடுத்து, கோடவுனில் சரிபார்த்து, அப்புறம்தான் ரீஃபண்ட். பழைய மாதங்களின் விற்பனையை வாரம் வாரமாகப் பிரித்துப் பார்த்ததில், டெலிவரி ஆகி நாலு நாளில் மொத்த ரிட்டர்னில் 10% தான் முடிந்திருக்கும். பதினோரு நாளில் 45%, பத்தொன்பது நாளில் 75%, இருபத்தாறு நாளில் 95%. ஒன்றரை மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

செப்டம்பரில் முதல் மூன்று வாரம் தலா 2,000, கடைசி வாரம் 8,000. மொத்தம் 14,000 சட்டை. 20% என்றால் கடைசியில் திரும்பப் போவது 2,800. மாதக் கடைசியில் இந்த நாலு வாரங்களுக்கும் வயது சுமார் 26, 19, 11, 4 நாள். ஆக ரீஃபண்ட் முடிந்தது 380, 300, 180, 160, கூட்டினால் 1,020. இன்னும் வர வேண்டியது 1,780.

இப்போது என் பழைய கணக்கு. செப்டம்பரில் கோடவுனுக்கு வந்து ரீஃபண்ட் ஆனது இந்த 1,020 மட்டுமில்லை. ஆகஸ்டில் விற்று மிச்சமிருந்த 700-ம் செப்டம்பரில்தான் வந்தது. மொத்தம் 1,720. அதை 14,000-ஆல் வகுத்தால் 12.3%. திரும்பப் பெருக்கினால் அதே 1,720. அதில் 1,020 கழித்தால் 700.

அந்த 700 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். விற்பனையால் வகுத்து விற்பனையாலேயே பெருக்கினேன், அது அடிபட்டுப் போயிற்று. மிஞ்சியது, போன மாத விற்பனையிலிருந்து இந்த மாதம் வந்த ரிட்டர்ன். அதாவது என் புரோகிராம் எதையும் கணிக்கவே இல்லை. போன மாதக் கடைசியில் உண்மையில் எவ்வளவு பாக்கி இருந்ததோ அதை ஒரு மாதம் தாமதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. விற்பனை சீராக இருந்த மாதங்களில் இரண்டும் ஒரே எண் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. விற்பனை எகிறியதும் குட்டு உடைந்தது. அடுத்த மாதம் இதே கணக்கை ஓட்டியிருந்தால் நேர் எதிராகப் போயிருக்கும்: அக்டோபர் விற்பனை பழையபடி 8,000 என்றால், பண்டிகை ரிட்டர்ன் எல்லாம் அப்போது வந்து விழுந்து விகிதம் 33.5% காட்டும்.

சட்டை விலை ஜி.எஸ்.டி. இல்லாமல் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி நம் வருவாயே இல்லை, அதனால் இங்கே சேர்க்கக் கூடாது. சரியான பொறுப்பு 1,780 × 800, அதாவது 14.24 லட்சம். நான் கொடுத்தது 5.6 லட்சம். காலாண்டு வருவாயில் 8.64 லட்சம் இல்லாத பணம். அந்த அம்மா கேட்காமல் விட்டிருந்தால் அது அப்படியே ஆடிட்டர் மேசைக்குப் போயிருக்கும், பதில் சொல்ல வேண்டியவர் அவர், நான் இல்லை. இன்றும் நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

திருத்தம் சின்னதுதான். மாதத்தைப் பார்க்காமல், டெலிவரி ஆன ஒவ்வொரு வாரத்தையும் தனிக் கூட்டமாகப் பார்க்க வேண்டும். அதன் வயதுக்கு எவ்வளவு ரீஃபண்ட் முடிந்திருக்கும், எவ்வளவு பாக்கி என்று கேட்க வேண்டும்.

```python
pending = 0
for c in cohorts:
    pending += c.sold * rate * (1 - done_by(c.age_days))
```

இங்கே `rate`, ஒன்றரை மாதம் தாண்டி முழுசாக முடிந்துபோன கூட்டங்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். பாதியில் இருக்கிற வாரங்களைச் சேர்த்தால் பழைய தவறு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அப்புறம், எதை ரிட்டர்ன் என்று எண்ணுகிறோம் என்ற விஷயம். எனக்கு வந்த டேட்டாவில் மூன்று வேறு சமாச்சாரங்கள் ஒரே பெயரில் கிடந்தன. கேஷ் ஆன் டெலிவரி பார்சலை வாசலிலேயே "வேண்டாம்" என்று அனுப்பினால் அது ரிட்டர்ன் இல்லை. இவர்கள் டெலிவரி ஆன பிறகுதான் விற்பனையாக எழுதுகிறார்கள், ஆக அந்தச் சட்டை விற்கவே இல்லை. அதனால்தான் வயதையும் அனுப்பிய தேதியிலிருந்து இல்லாமல் டெலிவரி தேதியிலிருந்து எண்ணுகிறேன். இரண்டாவது, 40 சைஸ் கொடுத்து அதே சட்டையில் 42 வாங்கிக்கொள்வது. அதே வகை, அதே தரம், அதே விலை என்றால் சைஸ் மாற்றமோ நிற மாற்றமோ ரிட்டர்ன் ஆகாது என்று தரநிலையே சொல்கிறது. பணம் திரும்பப் போவதில்லையே! ஆடை வியாபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சேர்த்து எண்ணினால் பொறுப்பு வீணாக வீங்கும். மூன்றாவதுதான் நிஜமான ரிட்டர்ன். மேலே சொன்ன 20% இந்த மூன்றாவது மட்டும்.

பொறுப்பை எழுதியாச்சு. மறுபக்கம் சட்டை திரும்பி வருமே, அதுவும் ஒரு சொத்துதானே? ஆமாம், ஆனால் விற்ற விலைக்கு இல்லை. அடக்க விலை 500 ரூபாய். அதைத் திரும்ப எடுத்துவர பிக்கப் செலவு 60. பத்தில் ஒன்று கறையோ கிழிசலோ ஆகி லாட்டில் 100 ரூபாய்க்குத்தான் போகும். அந்த ஒன்றில் 400 நஷ்டம், பத்துக்கும் பங்கிட்டால் சட்டைக்கு 40. ஆக ஒரு சட்டைக்கு 400 ரூபாய், 1,780-க்கு 7.12 லட்சம். இந்தத் தொகையை விற்ற சரக்கின் அடக்கத்திலிருந்து குறைத்து, தனிச் சொத்தாகக் காட்ட வேண்டும். 14.24-இல் 7.12-ஐக் கழித்து நிகரமாக ஒரே வரியில் எழுத அனுமதி இல்லை. முதலில் எனக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றியது. யோசித்தால் நியாயம்தான்: பணம் கட்டாயம் திருப்பித் தரணும், ஆனால் திரும்பி வரும் சட்டை எந்த நிலையில் வரும் என்பது நம் கையில் இல்லை.

முடிவாக செப்டம்பர் வருவாய்: 112 லட்சம் விற்பனையில், ஏற்கனவே ரீஃபண்ட் ஆன 8.16 லட்சமும் எதிர்பார்க்கிற 14.24 லட்சமும் போக 89.6 லட்சம். விற்ற 14,000-இல் தங்கப்போகிற 11,200 சட்டையின் விலை அது. சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

இதில் இன்னும் ஒரு ஓட்டை இருந்தது. பண்டிகை சேலில் வாங்குபவரும் சாதாரண நாளில் வாங்குபவரும் ஒரே மாதிரி திருப்பி அனுப்புவார்களா? நாலே நாள் வயதான கூட்டத்தை வைத்து எப்படிச் சொல்வது? அந்த வாரத்தில் எதிர்பார்த்த 160-க்குப் பதில் 210 வந்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். 210 என்பது 10% தான் என்று நேராக விரித்தால் 2,100 ரிட்டர்ன், விகிதம் 26%-க்கு மேல். ஐம்பது சட்டை கூட வந்ததற்கு 500 சட்டை கூடுகிறது. கூரியர் அந்த வாரம் வேகமாக எடுத்து வந்திருந்தாலும் இதே 210 வரும்.

இந்தச் சிக்கலை மோட்டார் இன்சூரன்ஸ்காரர்கள் வெகு முன்பே பார்த்துவிட்டார்கள். விபத்து நடந்துவிட்டது, ஆனால் க்ளெய்ம் இன்னும் வரவில்லை. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். நம் சட்டை போலவேதான். அவர்களிடம் நேராக விரிக்கும் முறையும் உண்டு, 1972-இல் போர்ன்ஹூட்டர், ஃபெர்குசன் என்ற இருவர் எழுதிய முறையும் உண்டு. இரண்டாவதில், வந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, வராததற்கு மட்டும் பழைய அனுபவத்தை நம்புகிறோம். நம் உதாரணத்தில் 210 வந்தாலும் பாக்கி 1,440 தான், மொத்தம் 1,650. இளசான கூட்டத்துக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. மேலே உள்ள மூன்று வரி கோடும் இதையேதான் செய்கிறது, எழுதும்போது எனக்கு அது தெரியாது.

நவம்பர் நடுவில் திரும்பிப் போய்ப் பார்த்தோம். 1,780 என்று சொன்ன இடத்தில் வந்தது 1,910. பழைய மூன்று வாரங்கள் சொன்னபடியே வந்தன. கூட வந்த 130-ம் பண்டிகை வாரத்துச் சட்டைகள். அந்த வாரத்தின் விகிதம் 21.6% ஆகியிருந்தது. வித்தியாசமான 1.04 லட்சத்துக்காக செப்டம்பர் கணக்கைத் திறக்கவில்லை; அது அந்தத் தேதியில் தெரிந்ததை வைத்துச் செய்த கணிப்பு, தவறு இல்லை, அதனால் அடுத்த காலாண்டு வருவாயில் குறைத்தார்கள். பண்டிகை வாரத்துக்கு இப்போது தனி `rate` வைத்திருக்கிறேன். அந்த அம்மா மாதாமாதம் கணித்தது, வந்தது என்று இரண்டு பத்தி ஒரு ஷீட்டில் போட்டு எனக்கு அனுப்பிவிடுகிறார், மேலே ஒரு வார்த்தையும் எழுதாமல்.