தனியுரிமைத் தரகு ஒப்பந்தம்

தனியுரிமைத் தரகு ஒப்பந்தம் என்பது, ஒரு சொத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே தரகர் மூலம் மட்டும் விற்க உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை ஆகும்.

எடுத்துக்காட்டாக, சேரப்பணஞ்சேரியில் உள்ள ஒரு மனையின் விலை 24 லட்சம் ரூபாய், தரகு 1 விழுக்காடு, காலம் 90 நாள் எனக் கொள்வோம்.

தரகு: 24,000 ரூபாய் எப்போது தர வேண்டும்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 219-இன்படி, வேறு ஏற்பாடு இல்லையெனில் ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே ஊதியம் சேரும். வேலை முடிவது முன்பணம் வாங்கும்போதா, கிரயப் பத்திரம் பதிவாகும்போதா என்று எழுத வேண்டும். முன்பணம் என்று எழுதினால், வாங்குபவர் பின்வாங்கினாலும் தரகர் பணம் கேட்கலாம். உரிமையாளரே தம் உறவினருக்கு விற்றால் தரகு உண்டா என்பதையும் குறிக்க வேண்டும்.

காலம்: 80-ஆம் நாள் மனையைப் பார்த்தவர் 100-ஆம் நாள் வாங்கினால் தகராறு எழும். எனவே, தாம் அழைத்து வந்தோரின் பெயர்ப் பட்டியலைத் தரகர் 90-ஆம் நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அவர்களுள் ஒருவர் அடுத்த 60 நாளில் வாங்கினால் மட்டுமே தரகு என வரையறுக்கலாம்.

விளம்பரக் கடமைகள்: காலம் குறித்த ஒப்பந்தத்தைப் போதிய காரணமின்றி இடையில் முறித்தால், பிரிவு 205-இன்படி இழப்பீடு தர நேரும். "நன்கு விளம்பரம் செய்வார்" என்று மட்டும் எழுதியிருந்தால் காரணம் காட்டுவது கடினம். மாறாக, 7 நாளில் பலகை வைத்தல், 10 நாளில் இணையத்தில் படத்துடன் விளம்பரம், 15 நாளுக்கொருமுறை பார்வையாளர் விவரம் என நாள் குறித்து எழுதினால், தவறியதை எளிதில் காட்டலாம். எழுத்தில் அறிவித்து 7 நாளிலும் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் முடியும் என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.