முதல் மூன்று நிமிடம்

ஈப்போவில் வாழும் என் தங்கை, சித்தப்பாவின் மகள், இரண்டாண்டுகளுக்கு முன்பு குடும்பத்துடன் திருச்சிக்கு வந்திருந்தாள். அவளுடைய மூத்த மருமகள் சீன வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்தவர். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம். அவர் ராஜகோபுரத்தின் எதிரே எங்களை நிறுத்தி, வணக்கம் கூறி, அடுத்த மூச்சிலேயே 156 ஏக்கர், ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள், 236 அடி உயரம் என்று அடுக்கத் தொடங்கிவிட்டார். ஆட்டோக்களின் ஒலியில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியும் மனத்தில் நிற்கவில்லை.

அது பெரிய குறையன்று. ஒரு மணி நேரம் நடந்து உள்வாசலை அடைந்தபோதுதான் உண்மையான குறை தெரிந்தது. இந்துக்கள் அல்லாதோருக்கு அதற்கு மேல் அனுமதியில்லை என்ற அறிவிப்புப் பலகை அங்கே இருந்தது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, மருமகளை நோக்கி விரல் நீட்டி, 'நீங்க மட்டும் இங்கேயே இருங்க' என்றார். மாமியாரும் கணவரும் கொழுந்தனும் வரிசையில் சென்றுவிட, அந்தப் பெண் முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே வெகுநேரம் தனியே நின்றார். யாரும் அவரை அவமதிக்க எண்ணவில்லை. ஆனாலும் அவர் அவமதிக்கப்பட்டார். விதியைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. அது கோயிலின் விதி, எல்லோரும் அறிந்தது. அதை எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் தெரிவிப்பது என்பதுதான் வழிகாட்டியின் தொழில்.

சென்ற மார்கழியில் அதே குடும்பம் மீண்டும் வந்தது. இம்முறை பல ஊரார் சேர்ந்து செல்லும் ஒரு குழுவில் இணைந்துகொண்டோம். தங்கை வீட்டார் ஐவர், ஒரு ஜெர்மானியத் தம்பதி, புணேயிலிருந்து வந்த மூவர், கோவையைச் சேர்ந்த கல்லூரி மாணவியர் இருவர், நான் என மொத்தம் 13 பேர். வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். அவர் பேசிய முதல் மூன்று நிமிடங்களை நான் ஒரு வகுப்பைக் கவனிப்பதுபோல் கவனித்தேன். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு, முதல் மூன்று நிமிடங்களின் விலை தெரியும்.

அவர் முதலில் செய்தது பேச்சே அன்று. காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. கோபுரத்தின் நிழல் மேற்கே விழுந்திருந்த இடத்துக்கு எங்களை நகர்த்தி, நாங்கள் நிழலில் நிற்க, வெயிலைத் தம் முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவர் எவரும் நெடுநேரம் கேட்கமாட்டார். நம் ஆற்றுப்படை நூல்களில் வழி சொல்பவன், எதிரே வருவோரின் களைப்பையும் அவர்கள் நடந்துவந்த வெம்மையையும் முதலில் கண்டுகொள்கிறான். வள்ளலின் பெருமை பிறகுதான் வருகிறது. இத்தொழிலின் இலக்கணம் நமக்குப் புதிதன்று.

பிறகு 'வணக்கம்' என்று தமிழில் சொல்லி, சற்று நிறுத்தி, எல்லோரும் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தார். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. 'எந்த நாடு?' என்று கேட்கவில்லை. 'இங்கே முன்பே வந்தவர்கள் யார், முதல் முறையாக வருபவர்கள் யார்?' என்று கேட்டார். அந்தக் கேள்வி 13 பேரையும் வேறு விதமாகப் பிரித்தது. ஜெர்மானியரும் புணேக்காரரும் கோவை மாணவியரும் ஒரு பக்கம். நானும், ஈப்போக் குடும்பத்தினரும், அவர்களுடைய மருமகளும் மறுபக்கம். 'நம்மவர்', 'வெளிநாட்டவர்' என்ற கோடு விழுவதற்கு முன்பே வேறொரு கோடு விழுந்துவிட்டது. அந்தப் பெண் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

மொழியையும் அவர் மறைக்காமல் தீர்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாரத்தைத் தமிழில் சொல்வேன், ஹிந்தியில் எனக்குத் தெரிந்தது குறைவு, தவறினால் புணே நண்பர்கள் திருத்தலாம் என்றார். புணேக்காரர்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அதன்பின் அவர் ஒரு பார்வையாளர் அல்லர், உதவியாளர்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்: 'இன்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடப்போம். செருப்பைக் கழற்றிய பிறகு கல்தரையில் நடக்க வேண்டும். காலுறை வைத்திருப்பவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓரிடத்தில் இந்துக்கள் மட்டும் செல்லலாம் என்பது கோயில் விதி. யார் எந்த மதம் என்று நான் கேட்கமாட்டேன். அந்த வாசல்வரை பார்க்க வேண்டியவற்றை எல்லோரும் சேர்ந்தே பார்ப்போம். அங்கிருந்து தரிசனத்துக்குச் செல்வோர் செல்லலாம். செல்லாதவர்களோடு நான் இருப்பேன். மேல்தளத்திலிருந்து பொன்வேய்ந்த விமானத்தைக் காட்டுகிறேன்.'

இதில் சொற்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். தடை தனியாக வரவில்லை. நடைநேரம், கல்தரை, காலுறை ஆகியவற்றுக்கிடையே நாள் நடப்பின் ஒரு பகுதியாக வந்தது. யாரையும் பார்த்துச் சொல்லப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டி யாரோடு நிற்பார் என்பது சொல்லப்பட்டுவிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் அந்தப் பெண் இழந்தது தரிசனத்தையன்று, துணையை. வாசலுக்கு ஒரு மணி நேரம் முன்பே துணை உறுதியாகிவிட்டதால், வாசல் வந்தபோது அது ஒரு நிகழ்ச்சியாகவே இல்லை.

இஸ்ரேலியச் சமூகவியலாளர் எரிக் கோஹன் 1985-இல் வழிகாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. பாதை தெரிந்து முன்னே நடப்பவர், பொருள் விளக்கும் ஆசான் என்ற இரு பாத்திரங்கள் அவருள் கலந்திருக்கின்றன என்பது அதன் மையக் கருத்து. நம் வழிகாட்டிகளில் பலர் ஆசானாகத் தொடங்குகிறார்கள். ஆனால் புதிய இடத்தில் நிற்பவரின் மனத்தில் முதலில் இருப்பது வரலாறு அன்று. எவ்வளவு நேரம், கழிப்பறை எங்கே, செருப்பு பத்திரமா, என்னை எங்காவது தடுப்பார்களா என்பனவே அவருடைய கேள்விகள். அவை தீரும்வரை ஆசானுக்குக் காது கிடைக்காது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை நுகர்வோரால் சரிபார்க்க இயலாத பண்டங்கள் உண்டு. டார்பி, கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973-இல் இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவரின் அறிவுரையும் வண்டிப் பழுதுபார்ப்பும் அவ்வகை. வழிகாட்டியின் சொல்லும் அப்படியே. இந்தத் தூணை எழுப்பியவர் யார் என்று அவர் சொல்வது சரியா என்பதைப் பயணி அன்றைக்கு அறிய வழியில்லை. ஆகவே அவர் வேறு அடையாளங்களைக் கொண்டு முடிவு செய்கிறார்; அந்த முடிவு மிக விரைவில் நிகழ்கிறது. தமக்கு நட்டம் தரும் உண்மையை ஒருவர் தாமே முன்வந்து சொன்னால், மற்றவற்றிலும் அவரை நம்பலாம் என்று மனம் கணக்கிடுகிறது. எங்கள் வழிகாட்டி ஹிந்தி குறைவு என்று ஒப்புக்கொண்டதும், 'இன்று எந்தக் கடைக்கும் அழைத்துச் செல்லமாட்டேன்' என்று ஒரு வரியில் முடித்ததும் அவ்வகை உண்மைகள். கடைத் தரகு இத்தொழிலில் பலருக்கு வருமானம் என்பது ஊரறிந்தது. ஜெர்மானியர் தம் மனைவியைப் பார்த்துப் புருவம் உயர்த்தியதிலிருந்து, அவர்களும் அதை அறிந்தே வந்திருந்தார்கள் என்று தெரிந்தது.

கடைசியாகத்தான் கோபுரம். அப்போதும் எண்கள் வரவில்லை. 'இதற்கு என்ன வயதிருக்கும்?' என்றார். ஆயிரம், எண்ணூறு என்று விடைகள் வந்தன. அடித்தளம் விஜயநகரக் காலத்தில் தொடங்கி நின்றுபோனது. மேலே தெரியும் நிலைகள் கட்டிமுடிக்கப்பட்டு 1987-இல்தான் குடமுழுக்கு நடந்தது. ஆகவே உங்களில் சிலரைவிட இக்கோபுரம் இளையது என்றார். எல்லோரும் மீண்டும் மேலே பார்த்தார்கள். முதல் பார்வையில் அது ஓர் உயரமான பொருள். இரண்டாம் பார்வையில் அது ஒரு கேள்வி. நான் மாணவனாக இருந்தபோது அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தோம். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, 'ஐயா அதைப் பார்த்திருப்பார், அடுத்த நிறுத்தத்தில் அவரே சொல்வார்' என்றார். முன்பே வந்தவன் என்று நான் கை உயர்த்தியதை அவர் மறக்கவில்லை.

இக்கோயிலுக்குள்ளேயே அழைப்புக்கென ஒரு முறைமை உண்டு. அருளிப்பாடு என்பார்கள். உரியவரை அவருக்குரிய பெயரால் அழைக்க, அவர் 'நாயிந்தே' என்று விடை கூறி முன்வருவார். பொதுவான ஒரு வணக்கத்துக்கும் பெயர்சொல்லி அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, நூற்றாண்டுகளாக அறிந்த இடம் இது.

தொடக்கம் பலித்ததா என்பதை எப்படி அறிவது? சிரிப்பையும் கைதட்டலையும் வைத்து அறிய முடியாது. கால்களைப் பார்க்க வேண்டும். வழிகாட்டி பேசும்போது பாதங்கள் அவரை நோக்கியிருக்கின்றனவா, விலகி வேறு திசையில் நிற்கின்றனவா? அதைவிடத் தெளிவான அளவுகோல் இரண்டாம் நிறுத்தம். அவர் நின்றதும் குழு தானாகக் கூடினால் தொடக்கம் வேலை செய்திருக்கிறது. கையைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தால் செய்யவில்லை. சேஷராயர் மண்டபத்தின் குதிரைத் தூண்களின் முன் நாங்கள் கூட எவரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. 40 பேர் வரும் பேருந்துக் குழுவில், இரண்டாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்கு எந்த வாழ்த்தும் எட்டாது. அங்கே பேருந்து நகரும்போதே ஒலிபெருக்கியில் இவற்றைச் சொல்லிவிடுவதே வழி. மலைக்கோட்டையில் இடம் மாறினால் வரிசையும் மாற வேண்டும். உச்சிப் பிள்ளையாருக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர் எங்கே திரும்பலாம் என்பதே அங்கு முதல் செய்தியாக இருக்க வேண்டும். பாதிப் படியில் சொன்னால் அது அறிவிப்பு அன்று, மன்னிப்பு. நகைச்சுவை என்று எண்ணி ஒரு நாட்டாரையோ ஒரு மாநிலத்தாரையோ கேலி செய்து தொடங்கும் வழிகாட்டிகளையும் கண்டிருக்கிறேன். பத்துப் பேர் சிரிப்பார்கள். பதினோராவது நபர் அன்று முழுவதும் கடைசியாக நடப்பார்.

உள்வாசலை அடைந்தபோது தங்கை குடும்பத்தார் தரிசன வரிசைக்குச் சென்றனர். ஜெர்மானியத் தம்பதியும் மருமகளும் நானும் மேல்தளத்துக்குச் சென்றோம். நான் நூறு முறை தரிசித்தவன், ஒரு நாள் தவறினால் குற்றமில்லை. கோபுரங்களுக்கிடையே வெயிலில் மின்னிய விமானத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'மாமா, போன தடவை இங்கே ஒரு மாடி இருக்குன்னு யாருமே சொல்லலையே' என்றார்.