சுவர் சுண்ணாம்பு, மண், சாக்பீஸ்... குழந்தை தின்பதை நிறுத்த அடி போதாது. ரத்தப் பரிசோதனை வேண்டும்!

தூத்துக்குடிப் பக்கம் மண் தின்னும் குழந்தைக்கு வீட்டு வைத்தியம் ஒன்றுதான். விரலில் வேப்பெண்ணெய் தடவுவது. அதற்கும் மசியாவிட்டால் முதுகில் ஓர் அடி. பிள்ளை ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் யாரும் பார்க்காத மூலையில் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். வாசல் மண், செங்கல் துண்டு, சிலேட்டுக்குச்சி, அக்காவின் பையில் இருக்கும் சாக்பீஸ் என்று எதையும் விடாது.

ஒன்றரை வயதுக் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பது இயல்பு. இரண்டு வயதைத் தாண்டிய பிறகும், சாப்பாடு அல்லாத ஒன்றை ஒரு மாதத்துக்கு மேலாகத் தேடித் தேடித் தின்றால் அதை மருத்துவர்கள் 'பைகா' என்பார்கள். கூடவே முகம் வெளுத்து, விளையாடாமல் மடியிலேயே கிடந்து, தொட்டதற்கெல்லாம் சிணுங்கி, சோற்றைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறதா? அப்படியானால் அவர்கள் முதலில் சந்தேகிப்பது இரும்புச்சத்துக் குறைவைத்தான். அடம், சோர்வு, மண் ஆசை மூன்றும் ஒரே குறையின் முகங்களாக இருக்கலாம்.

'மண்ணிலேயே இரும்பு இருக்கிறதே' என்று கேட்கத் தோன்றும். இந்த மாவட்டத்துத் தேரிக்காட்டு மண் ரத்தச் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்ஸைடால்தான். ஆனால், அது துரு மாதிரி. குடலில் கரையாது, ரத்தத்தில் சேராது. களிமண்ணும் சுண்ணாம்பும் இன்னும் மோசம். சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஆக, குறைவு இருப்பதால் பிள்ளை மண் தின்கிறது. தின்பதால் குறைவு கூடுகிறது.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிய ஆனந்த பிரசாத் என்ற பீகார்க்கார மருத்துவரிடம் 21 வயது இளைஞன் ஒருவன் வந்தான். பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தான். கடுமையான ரத்தச்சோகை. ஆனால், ரத்தப்போக்கு எதுவும் இல்லை. விசாரித்ததில், அவன் உணவு கோதுமை ரொட்டி. அதோடு தினமும் அரை கிலோ அளவுக்குக் களிமண். இரும்பு மருந்தும் நல்ல சாப்பாடும் கொடுத்ததும் ரத்தச்சோகை தீர்ந்தது. அவன் வளராமல் போனதற்குத் துத்தநாகக் குறைவும் காரணமாக இருக்கலாம் என்று பிரசாத் யோசித்தது தனிக் கதை.

நம் வீடுகளில் களிமண்ணைவிடப் பெரிய காரணம் பால். 'சோறுதான் இறங்கல, பாலாவது குடிக்கட்டும்' என்று நாளைக்கு நாலைந்து டம்ளர் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பாலால் வயிறு நிரம்புவதால் சோறு இறங்காது. சோறு இறங்காததால் இன்னும் பால் வரும். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்குள் பாலை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இது அரிதும் அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை. ஆனால், ரத்தச்சோகை எல்லாமே இரும்புக் குறைவு ஆகிவிடாது. அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

இரண்டரை வயது, 11 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் அறிக்கை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 8. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தச்சோகை. அடுத்து, சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. அது 63, அதாவது அணுக்கள் சிறுத்துவிட்டன. தலசீமியா என்ற பரம்பரைக் குறையிலும் அணுக்கள் இப்படித்தான் சிறுக்கும். அதனால் மருத்துவர்கள் ஒரு சின்ன வகுத்தல் கணக்குப் போடுவார்கள். எம்.சி.வி-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எண்ணிக்கை 4.2 என்றால் விடை 15. 13-க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம் சந்தேகம் போகும். இது ஊகத்துக்கான கணக்கே தவிர, தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்கு அருகில் கொண்டுபோவது ஃபெரிட்டின் பரிசோதனை. உடலின் இரும்புச் சேமிப்பை அது காட்டும். குழந்தைக்கு 12-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி. ஆனால், காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும். உடம்பு சரியான பிறகு எடுப்பது நல்லது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும் என்பதால், 'ஹீமோகுளோபின் சரியாத்தானே இருக்கு' என்று விட்டுவிடவும் முடியாது.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. வழக்கமாகக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். 11 கிலோவுக்கு 33 மில்லிகிராம். இது சுத்த இரும்பின் அளவு. பாட்டிலில் பெரிதாக அச்சிட்டிருப்பது இரும்பு உப்பின் எடையாக இருக்கலாம். அதனால், எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பாலோடும் டீயோடும் கொடுக்கக் கூடாது. இரண்டுமே இரும்பைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமல் இருக்க மருந்தை நாக்கின் பின்பக்கம் விட்டு, பிறகு தண்ணீர் கொடுக்கலாம்.

பெரும்பாலும் முதலில் மாறுவது குணம்தான். சில நாள்களில் சிணுங்கல் குறையும், பசி எடுக்கும். மண் தேடுவதும் ஓரிரு வாரங்களில் அடங்கத் தொடங்கும். அப்போது முகம்கூட இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கும். ஹீமோகுளோபின் ஒரு புள்ளி ஏற நான்கு வாரங்கள் ஆகும். 'பிள்ளை தேறிட்டான்' என்று இந்த இடத்தில் மருந்தை நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஹீமோகுளோபின் சரியான பிறகும், சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதங்கள் மருந்து தொடர வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு குறைவாகத்தான் உடலில் சேரும். அதே தட்டில் கொஞ்சம் மீன் இருந்தால் சேருவது கூடும். முருங்கைக்கீரைச் சோற்றில் முள் எடுத்த சாளையைப் பிசைந்து கொடுத்தாலே போதும். மீன் சாப்பிடாத வீட்டில், பருப்புச் சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு கொய்யா.

நான்கு வாரங்கள் ஒழுங்காகக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் வேறு காரணம் தேட வேண்டும். மண்ணோடு குடற்புழு போயிருக்கலாம். பழைய பெயின்ட் உரியும் சுவரைத் தின்றிருந்தால் ஈயம் சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. தலசீமியாவா என்றும் பார்ப்பார்கள். குழந்தை மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடவென்று அடித்தாலோ, எழுந்து உட்காரவே முடியாமல் துவண்டாலோ காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும்.

மருந்து பாட்டிலும், கர்ப்பிணி அம்மாவுக்குக் கொடுத்த சிவப்பு மாத்திரைகளும் எட்டாத உயரத்தில், பூட்டி இருக்கட்டும். அந்த மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எதையும் வாயில் போடும் 11 கிலோக் குழந்தை அதை மிட்டாய் என்று நினைத்துப் பத்தை விழுங்கினால், உயிருக்கே ஆபத்து. விழுங்கியது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.