பாக்கெட்டின் பின்பக்கம் – 9: மூன்று பிரெட், ஒரே தராசு

போன வாரம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். இந்த வாரம் பிரெட்.

மைதா பிரெட்டை விட்டுவிட்டு மல்ட்டிகிரெய்னுக்கு மாறியவர்கள் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. ஒரு துண்டுக்கு எத்தனை கலோரி என்று பார்த்தால், புதிய பிரெட்டில்தான் அதிகம் போட்டிருக்கும். இது துண்டின் குழப்பம்; பிரெட்டின் குற்றம் இல்லை.

400 கிராம் பாக்கெட்டுகள் மூன்று வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மைதா பிரெட்டில் 16 துண்டு, முழுக் கோதுமையில் 14, மல்ட்டிகிரெய்னில் 12. அப்படியென்றால் ஒரு மைதா துண்டு 25 கிராம், மல்ட்டிகிரெய்ன் துண்டு 33 கிராம். கலோரியோ மூன்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 245 முதல் 265 வரைதான். ஆனாலும் துண்டுக் கணக்கில் ஒன்று 65 கலோரி, மற்றது 88 கலோரி ஆகிவிடுகிறது. சில பாக்கெட்டுகளில் ஒரு துண்டுக்கான எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். அதை விட்டுவிட்டு 100 கிராமுக்கான பத்தியைப் படியுங்கள்.

மைதாவுக்கும் கோதுமை மாவுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் மைதாவில் 352 கலோரி, ஆட்டாவில் 320. புரதம் மைதாவில் 10.36 கிராம், ஆட்டாவில் 10.57. நார்ச்சத்துதான் எட்டாத தூரத்தில் இருக்கிறது: மைதாவில் 2.76, ஆட்டாவில் 11.36. கோதுமையின் மேல்தோலான தவிட்டில்தான் நார் பெரும்பாலும் இருக்கிறது. மைதா அரைக்கும்போது அது சலித்து ஒதுக்கப்படுகிறது. புரதம் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் நிறைய இருப்பதால் அதற்குப் பெரிய சேதமில்லை.

இனி இதைப் பிரெட்டாக்குவோம். 100 கிராம் பிரெட்டில் மாவு சுமார் 60 கிராம். மீதியில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், உப்பு. 60 கிராம் மைதாவிலிருந்து நார்ச்சத்து 1.7 கிராம் வரும். 60 கிராம் ஆட்டாவிலிருந்து 6.8. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 4.2. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பாக்கெட்டையும் சோதித்துவிடலாம். முன்பக்கத்தில் 'கோதுமை' என்று கொட்டை எழுத்தில் இருந்து, பின்பக்கத்தில் நார்ச்சத்து 3 கிராம் என்று இருந்தால், உள்ளே மைதாவின் பங்கு பெரிது. பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம். அது கேரமல் நிறமூட்டியாலும் வரும்.

புரதத்தில் ஒரு வேடிக்கை. நம் கணக்குப்படி எந்த மாவில் செய்தாலும் 100 கிராம் பிரெட்டுக்கு 6 கிராம் சொச்சம்தான் வர வேண்டும். லேபிளில் 9, 10 என்று பார்க்கிறோமே? கொஞ்சம் மாவின் ரகத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் சேர்த்ததுதான். தவிட்டுத் துணுக்குகள் மாவின் குளூட்டன் இழைகளை அறுத்துவிடுவதால் முழுக் கோதுமை பிரெட் சரியாக உப்பாமல் கனமாக நின்றுவிடும். அதைத் தூக்கிவிட பேக்கரிக்காரர்கள் தனியாகக் குளூட்டன் சேர்ப்பார்கள். குளூட்டன் என்பதே புரதம்தான். சோயா மாவு, பால் பொடி சேர்த்தாலும் எண் ஏறும். எப்படியானாலும் இரண்டு துண்டில் கூடுவது ஒன்றிரண்டு கிராம். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது.

மல்ட்டிகிரெய்ன் என்ற பெயருக்குப் 'பல தானியம்' என்பதுதான் அர்த்தம். அந்தத் தானியங்கள் முழுசாக இருக்க வேண்டும் என்றோ, மைதா இருக்கக் கூடாது என்றோ அது சொல்லவில்லை. உட்பொருட்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது நோக்கி வரிசையாக எழுதுவது விதி. முதலில் மைதா இருந்து, ஓட்ஸ், ராகி, ஆளி விதை எல்லாம் உப்புக்கும் ஈஸ்ட்டுக்கும் பக்கத்தில் இருந்தால், அவை மேலே தூவிய அலங்காரம். முதலில் ஆட்டா இருந்து விதைகளும் தாராளமாக இருந்தால் நார்ச்சத்து 7 கிராமைக்கூடத் தொடும். ஆனால் கலோரி குறையாது. சூரியகாந்தி, ஆளி விதைகளில் எண்ணெய் இருக்கிறது. கிராமுக்கு 9 கலோரி. தவிட்டால் குறைந்ததை விதை ஈடுகட்டிவிடுகிறது.

வீட்டில் தராசில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் டோஸ்ட் செய்வதற்கு முன்பே எடை போடுங்கள். டோஸ்ட் செய்தால் தண்ணீர் போய்விடும். எடை குறையும், கலோரி அப்படியே இருக்கும். டோஸ்ட்டையும் சாதா பிரெட்டையும் கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

ஆக, எடை குறைக்க பிரெட்டை மாற்றுவதாக இருந்தால் துண்டின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி. நார்ச்சத்துக்காக மாற்றுவதாக இருந்தால் பலன் உண்டு. மைதாவில் இரண்டு துண்டுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. நல்ல முழுக் கோதுமையில் 4 கிராம் கிடைக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஊட்டச்சத்துப் பட்டியலில் நார்ச்சத்தை அச்சிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் அந்த எண்ணையே விட்டுவிட்ட பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.