எந்த பேட்டரி மலிவு?

வீட்டு இன்வெர்ட்டருக்கு இரண்டு பேட்டரிகள். தட்டை பிளேட் வகை 9,000 ரூபாய், 3 ஆண்டு உழைக்கும். டியூபுலர் வகை 15,000 ரூபாய், 6 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மலிவானதை இருமுறை வாங்கினால் 18,000. டியூபுலரில் 3,000 மிச்சம் என்று தோன்றும்.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது.

இரண்டாவது 9,000 இன்றே கையைவிட்டுப் போவதில்லை. 8 சதவீத வட்டி தரும் வைப்பில் இன்று சுமார் 7,144 ரூபாய் போட்டால், 3 ஆண்டில் அது 9,000 ஆகிவிடும். அந்த 7,144தான் அதன் இன்றைய மதிப்பு. ஆக, மலிவு வழிக்கு 16,144. டியூபுலரில் உண்மையான மிச்சம் 1,144 மட்டுமே.

கூடுதல் 6,000 ரூபாயை 24 சதவீதக் கடனில் புரட்டுபவருக்கோ கணக்கு தலைகீழாகிறது. அந்த வட்டியில் பின்னால் வரும் 9,000-இன் இன்றைய மதிப்பு 4,720, மொத்தம் 13,720. அவருக்கு மலிவு பேட்டரியே லாபம். இரண்டும் சமமாகும் எல்லை ஏறத்தாழ 14.5 சதவீதம்.

விலை ஏறினாலோ, தண்ணீர் ஊற்றாமல் டியூபுலர் 4 ஆண்டிலேயே படுத்துவிட்டாலோ, இந்த எல்லையும் நகரும்.