ஒரே ஹப்பில் இரண்டு கேமரா

சாத்தான்குளத்திலிருந்து இணையவழிப் பயிற்சியில் பேசிக்கொண்டிருந்தேன். புத்தகப் பக்கத்தைக் காட்ட இரண்டாவது கேமராவை இயக்கியதும் என் படம் உறைந்து நின்றது. குரல் மட்டும் தடையின்றிப் போனது. அப்படியிருந்தும் இணையத்தையே குறை சொன்னேன்!

இரண்டு கேமராக்களும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் இருந்தன. யுஎஸ்பி 2.0 ஹப்பில் எத்தனை துளைகள் இருந்தாலும் கணினிக்குச் செல்லும் பாதை ஒன்றே. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 1080p படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 சட்டங்களாக அனுப்ப ஏறத்தாழ 1000 மெகாபிட் தேவை. அதனால் கேமரா படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆனாலும் பாதையில் பெரும்பங்கை முன்பதிவு செய்துகொள்ளும். இரண்டாவது கேமராவுக்கு இடம் போதாது.

படம் உறைவது ஒன்று. துண்டிப்பு ஒலியுடன் கேமரா மறைந்து, மீண்டும் தோன்றுவது வேறு. அது பெரும்பாலும் மின்சாரக் குறைவு. யுஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லிஆம்பியரைத்தான் தனி அடாப்டர் இல்லாத ஹப் எல்லாக் கருவிகளுக்கும் பங்கிடுகிறது.

வெப்கேமை நேரே மடிக்கணினியில் செருகினேன், சரியாயிற்று. சில கணினிகளில் அடுத்தடுத்த துளைகளும் உள்ளே ஒரே ஹப்பில் சேரும். Device Manager-இல் View, Devices by connection என்று பார்த்தால் தெரியும். வேறு துளை இல்லையென்றால் இரண்டாவது கேமராவை 720p-க்குக் குறைத்துப் பாருங்கள்.