ஆறாவது நாள் எழுத வேண்டிய கடிதம்

ஏ.டி.எம். இயந்திரம் உள்ளுக்குள் நோட்டை எண்ணுகிற சத்தம் கேட்கிறது. பணம் வரவில்லை. ஆனால் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகச் செல்போனில் செய்தி வந்துவிடுகிறது. மறுநாள் கிளைக்குப் போய்ச் சொன்னால், "தானா திரும்பி ஏறிடும் சார், பத்துப் பதினைஞ்சு நாள் பாருங்க" என்பார்கள். தானாக ஏறிவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். பத்துப் பதினைந்து நாள் என்பதற்குத்தான் விதியில் இடமில்லை.

இதற்கு நாள் குறித்து ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து, ஆனால் பரிவர்த்தனை முடியாமல் போனால் அதை எத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் வாடிக்கையாளருக்கு என்ன இழப்பீடு என்று ஒவ்வொரு வகைக்கும் அதில் வரையறுத்திருக்கிறார்கள். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளை விட்டுவிட்டு 5 நாள். கடையில் கார்டு தேய்த்து, அல்லது இணையத்தில் கார்டு எண் கொடுத்து, பணம் போயும் கடைக்காரருக்கு உறுதி கிடைக்காவிட்டால் அதற்கும் 5 நாள். யு.பி.ஐ. வழியாகத் தனி நபருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால் 1 நாள். கடைக்குச் செலுத்தியதாக இருந்தால் 5 நாள். ஐ.எம்.பி.எஸ். என்றால் 1 நாள். ஒரே நிறுவனத்தின் வாலட்டுக்குள்ளேயே நடந்த பரிமாற்றத்துக்கும் 1 நாள்தான். இவை எல்லாமே உச்ச வரம்புகள். அதற்கு முன்பே தர முடிந்தால் தர வேண்டும்.

சுற்றறிக்கை பேசுவது காலண்டர் தேதியை. அதனால் இடையில் ஞாயிறு வந்தது, பொங்கல் விடுமுறை வந்தது என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

ஏன் சிலவற்றுக்கு ஒரு நாள், சிலவற்றுக்கு ஐந்து? தனி நபருக்கு அனுப்பும்போது இரண்டு வங்கிகளின் கணினிகள் மட்டுமே பேசிக்கொள்கின்றன. பெறும் வங்கியிலிருந்து பதில் வராமல் போனால், மறுநாள் இரு பக்கக் கணக்கையும் ஒத்துப்பார்க்கும்போது விஷயம் தெரிந்துவிடும். ஏ.டி.எம். அப்படியல்ல. பெட்டியில் உண்மையிலேயே எவ்வளவு நோட்டு மிச்சம் இருக்கிறது என்று ஆள் போய் எண்ண வேண்டும். இயந்திரம் தன் பதிவேட்டில் எழுதியிருப்பதோடு அதை ஒப்பிட வேண்டும். கடைப் பரிவர்த்தனையில் கடைக்காரரின் வங்கி, இடையில் உள்ள பணப் பரிமாற்ற நிறுவனம், உங்கள் வங்கி என்று மூன்று கைகள் மாறுகின்றன.

யு.பி.ஐ.யில் ஒரு சிக்கல் உண்டு. தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை வணிகக் கணக்குக்குரியதாக இருக்கலாம், கடைக்காரரின் சொந்தக் கணக்குக்குரியதாகவும் இருக்கலாம். முன்னதற்கு 5 நாள், பின்னதற்கு 1 நாள். எது என்று தெரியாவிட்டால் ஐந்து நாளை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. "வரலையே அண்ணா" என்று கடைக்காரர் சொன்னதும் நாம் இரண்டாவது முறை அனுப்பிவிடுகிறோம். கொஞ்ச நேரம் கழித்து முதல் தொகையும் அவர் கணக்கில் போய் விழுகிறது. அப்போது அது தோல்வியடைந்த பரிவர்த்தனை அல்ல. கடைக்காரர் கையில் இருக்கும் அதிகப் பணம். வங்கி அதைத் திருப்பாது, அவர்தான் தர வேண்டும். புகார் செய்வதற்கு முன் செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் நிலையைத் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். அங்கே 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்றும் இருக்கும். அதுதான் பிறகு எல்லா இடத்திலும் கேட்கப்படும்.

இதுவரை சொன்னது தடுமாறி நின்றுபோன பணத்தைப் பற்றி. ஆன்லைனில் வாங்கிய சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருப்பது வேறு விவகாரம். அங்கே முதல் பரிவர்த்தனை ஒழுங்காகவே முடிந்தது. கடை மனம் வைத்து, தன் பக்கத்திலிருந்து புதிதாகப் பணம் அனுப்ப வேண்டும். மேலே சொன்ன ஒரு நாள், ஐந்து நாள் கணக்கும் நூறு ரூபாய் இழப்பீடும் இதற்குப் பொருந்தாது. மக்கள் குழம்புவதும், வங்கியும் கடையும் மாறி மாறி விரல் நீட்டுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கார்டில் வர வேண்டிய ரீஃபண்டுக்குப் பொதுவாக 5 முதல் 7 வேலை நாள் என்று கடைகள் சொல்கின்றன. அது நியாயமான அவகாசமே. ஆனால் அந்த நாள்கள் நீங்கள் ஆர்டரை ரத்து செய்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. கடை தன் வங்கியிடம் ரீஃபண்டை ஒப்படைத்த பிறகுதான் ஓடத் தொடங்குகின்றன. செயலியில் ரீஃபண்ட் தொடங்கப்பட்டது என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். கார்டு என்றால் ஏ.ஆர்.என். என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். யு.பி.ஐ. என்றால் ரீஃபண்டுக்கான புதிய 12 இலக்க எண்ணைக் கேளுங்கள். நீங்கள் பணம் கட்டியபோது வந்த பழைய எண்ணைக் கொடுத்தால் போதாது. எண்ணைத் தந்துவிட்டால் பணம் கடையை விட்டுக் கிளம்பிவிட்டது. இனி உங்கள் வங்கியிடம் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். எண்ணைத் தராமல் இழுத்தால் பெரும்பாலும் பணம் இன்னும் கிளம்பவே இல்லை. அந்தச் சண்டை கடையோடுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம் என்று அதன் பாதை தனி. கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் அதற்குக் காலவரம்பு இருப்பதால் மாதக்கணக்கில் கடையோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பில் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்குள் ரீஃபண்ட் வந்துவிட்டால், நீங்கள் இன்னும் கட்டாத நிலையில், வங்கி அதைக் கட்ட வேண்டிய தொகையில் கழித்துக்கொண்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தேதிக்குள் வராவிட்டால், வரும் என்று நம்பிக் குறைத்துக் கட்டாதீர்கள். வட்டி ஓடத் தொடங்கினால் அதைப் பிறகு திரும்பப் பெறுவது ரீஃபண்டைப் பெறுவதைவிடக் கடினம்.

இனி ஏ.டி.எம். கதைக்கு வருவோம். தொகை 10,000, நாள் மார்ச் 10, இரவு 9 மணி என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் வேறு வங்கியுடையது. அன்றிரவே செய்ய வேண்டியது இரண்டு: துண்டுச்சீட்டு வந்திருந்தால் பத்திரப்படுத்துவது, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஏ.டி.எம். அடையாள எண்ணைப் படமெடுப்பது. கெடு மார்ச் 15. அதற்கு முன்பே சொல்லி வைப்பதில் தவறில்லை, ஆனால் 15 வரை வங்கி தாமதித்ததாகச் சொல்ல முடியாது. 16ஆம் தேதி காலையில் பணம் வந்திருக்காவிட்டால் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம், தர வேண்டும். இயந்திரம் யாருடையதாக இருந்தாலும் புகார் போக வேண்டிய இடம் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. இயந்திரத்தின் வங்கிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். தேதி, நேரம், தொகை, ஏ.டி.எம். எண், பரிவர்த்தனைக் குறிப்பு எண், கெடு முடிந்த தேதி, 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி தொகையும் நாளொன்றுக்கு நூறு ரூபாயும் வேண்டும் என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ கொடுத்தால் புகார் எண் உடனே வரும். கிளையில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கவுன்டரில் "பார்க்கிறேன்" என்று சொன்னதற்குக் கணக்கே கிடையாது. கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். போலி எண்கள் காத்திருப்பது இப்படி ரீஃபண்ட் தேடி வருகிறவர்களுக்காகத்தான்.

சில சமயம் வங்கி, "பரிவர்த்தனை வெற்றி, பணம் வழங்கப்பட்டுள்ளது" என்று பதில் தரும். பலர் இங்கேயே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அந்த இயந்திரத்தின் பதிவேட்டுப் பிரதி, அன்றைய பண இருப்புக் கணக்கு, அந்த நேரத்துக் கேமரா பதிவு ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் மறுத்தீர்களா என்று எழுதிக் கேளுங்கள். நோட்டு வெளியே வரவில்லை என்றால் பெட்டியில் 10,000 ரூபாய் அதிகமாக இருந்திருக்க வேண்டும். கேமரா பதிவு நிரந்தரமாக வைக்கப்படுவதில்லை என்பதால் இந்தக் கேள்வியைச் சீக்கிரம் கேட்பது முக்கியம்.

புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் அடுத்த படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரிலிருந்து வங்கி, வாலட் எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம். cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் புகார் பதியலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கியிடம் முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் புகாரை ஏற்கமாட்டார்கள். மார்ச் 16 அன்று வாங்கிய அந்தப் புகார் எண்ணின் மதிப்பு அப்போது தெரியும். சோம்பலில் ஏப்ரலில் எழுதியிருந்தால் 30 நாள் கணக்கும் ஏப்ரலில்தான் தொடங்கியிருக்கும். கூகுள் பே, போன்பே போன்ற செயலி வழியாக நடந்ததென்றால் முதலில் செயலிக்குள்ளேயே புகார் பதிந்து, பிறகு அதன் பின்னால் இருக்கும் வங்கி, உங்கள் வங்கி என்று போக வேண்டும்.

தவறான ஆளுக்கு நாமே அனுப்பிய பணமும், மோசடியில் போன பணமும் இந்தக் கணக்கில் சேராது. மோசடி என்றால் ஐந்து நாள் காத்திருக்கவே கூடாது. அன்றே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

நம் ஆளுக்கு மார்ச் 28 அன்று பத்தாயிரம் கணக்கில் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கெடு தாண்டி 13 நாள். வர வேண்டிய இழப்பீடு 1,300 ரூபாய். யாரும் கேட்காமலே வங்கி தானாகச் செலுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் கணக்கில் பத்தாயிரம் மட்டும் ஏறி, புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வருவதும் நடக்கக்கூடியதே. அப்போது அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு 1,300 ரூபாய்க்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும். அதற்கும் 30 நாளில் பதில் இல்லாவிட்டால், இழப்பீடு தரப்படவில்லை என்ற காரணத்துக்காக மட்டுமே குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.